பன்னிரண்டு மோல், பதினைந்து மோல் வேலை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அடுப்படியில் கல் உப்பு ஜாடி கசியத் தொடங்கிவிடும். இந்தக் கசிவுக்கு ஒரு துல்லியமான எல்லை உண்டு. 25 டிகிரி செல்சியஸில் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சோடியம் குளோரைடு காற்றிலிருக்கும் நீராவியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அதற்குக் கீழே எத்தனை நாள் வைத்தாலும் காய்ந்தே கிடக்கும். கடையில் வாங்கும் கல் உப்பு இன்னும் சீக்கிரமாகக் கசிகிறதென்றால் காரணம் அதில் ஒட்டிக்கொண்டு வரும் மக்னீசியம் குளோரைடு. அதன் எல்லை வெறும் 33 சதவீதம்.

இந்த 75 எங்கிருந்து வந்தது? மூடிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீரை வைத்து, அதன் மேலிருக்கும் நீராவியின் அழுத்தத்தை அளந்ததிலிருந்து வந்தது. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குடுவையில் சுத்தமான தண்ணீரை 25 டிகிரியில் வைத்தால், மேலே நிரம்பும் ஆவியின் அழுத்தம் 3169 பாஸ்கல். பழைய கணக்கில் 23.76 மில்லிமீட்டர் பாதரசம். அதே குடுவையில் இனிமேல் உப்பு கரையவே கரையாது என்ற அளவுக்குத் தெவிட்டிய உப்புக் கரைசலை வைத்தால் ஆவியழுத்தம் ஏறக்குறைய 2386 பாஸ்கலில் நின்றுவிடும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.753. காற்றிலுள்ள நீராவி இந்த விகிதத்துக்கு மேலே போனால் நீர் கரைசலுக்குள் இறங்கும். கீழே போனால் கரைசலிலிருந்து வெளியேறும். உப்பு ஜாடியின் 75 சதவீதம் இதுதான்.

கரைசலின் ஆவியழுத்தத்தைச் சுத்தமான கரைப்பானின் ஆவியழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் இந்த எண்ணைத்தான் வேதியியலில் கரைப்பானின் ‘ஆக்டிவிட்டி’ என்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. உப்போ சர்க்கரையோ எதைக் கரைத்தாலும் 1-க்குக் கீழே இறங்கும். கரைசலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை இது சொல்வதில்லை. அங்கிருக்கும் தண்ணீர் வெளியேறுவதற்கு எவ்வளவு முனைப்போடு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் பணியாற்றிய ஃபிரான்சுவா ராவுல்ட் 1880களில் இதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார். கரைசலில் உள்ள மொத்தத் துகள்களில் கரைப்பானின் மூலக்கூறுகள் என்ன பங்கோ, அதே பங்குதான் ஆவியழுத்தத்திலும் மிஞ்சும் என்பது அது. நூறு துகள்களில் தொண்ணூறு தண்ணீர் என்றால் ஆவியழுத்தமும் தொண்ணூறு சதவீதம். கரைந்த துகள் எதுவாக இருந்தாலும் கவலையில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். இந்த விதிக்கு அப்படியே கட்டுப்படும் கரைசலை நல்லியல்புக் கரைசல் என்று பாடநூல்கள் சொல்கின்றன. உண்மையான உப்புத் தண்ணீர் அப்படிக் கட்டுப்படுகிறதா என்று பார்க்க இரண்டு கரைசல்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கரைசலில் ஒரு கிலோ தண்ணீரில் 58.4 கிராம் உப்பு, அதாவது ஒரு மோல். உப்பு கரையும்போது சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்துவிடுவதால் உள்ளே இருக்கும் துகள்கள் இரண்டு மோல். ஒரு கிலோ தண்ணீர் என்பது 55.51 மோல். ராவுல்ட் கணக்குப்படி 55.51-ஐ 57.51-ஆல் வகுத்தால் 0.9652 வரும். அளந்து பார்த்தால் ஆவியழுத்தம் 3064 பாஸ்கல், ஆக்டிவிட்டி 0.9669. வேறுபாடு ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. உப்புத் தண்ணீர் விதியை ஏறக்குறைய மீறவே இல்லை என்று தோன்றும்.

இந்தத் தோற்றம்தான் சிக்கல். ஒரு மோல் கரைசலில் துகள்களில் 96 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். உப்பு என்ன செய்தாலும் தண்ணீரின் எண் 1-க்குப் பக்கத்திலேயே நிற்கும். பிறழ்வு எவ்வளவு என்று கேட்க வேண்டிய இடம் தண்ணீரின் மொத்த அளவு இல்லை. உப்பு ஏற்படுத்திய சரிவு. சுத்தமான தண்ணீரிலிருந்து ஆவியழுத்தம் 105 பாஸ்கல் இறங்கியிருக்கிறது. ராவுல்ட் விதி எதிர்பார்த்தது 110. அந்த 110-இல் ஐந்து குறைகிறது என்று பார்த்தால் அது அலட்சியப்படுத்தக்கூடிய பிழை இல்லை.

இந்தச் சரிவை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும் எண்ணாக டேனிஷ் வேதியியலாளர் நீல்ஸ் பியெரும் கொண்டுவந்ததுதான் சவ்வூடு பரவல் குணகம். φ என்ற கிரேக்க எழுத்தால் அதைக் குறிக்கிறார்கள். தண்ணீருக்கான சூத்திரம் இது:

ln a = −0.018015 × ν × m × φ

இதில் a என்பது அளந்து கண்ட ஆக்டிவிட்டி. m என்பது ஒரு கிலோ தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மோல் எண்ணிக்கை, அதாவது மோலாலிட்டி. ν என்பது ஒரு உப்பு எத்தனை அயனிகளாகப் பிரிகிறது என்பது. சோடியம் குளோரைடுக்கு 2. முன்னால் நிற்கும் 0.018015 ஒரு மோல் தண்ணீரின் எடை, கிலோவில். φ சரியாக 1 என்றால் கரைந்த ஒவ்வொரு துகளும் முழுத் துகளாக வேலை செய்கிறது என்று பொருள். குறைந்தால் துகள்கள் எண்ணிக்கைக்கும் குறைவாக வேலை செய்கின்றன. கூடினால் அதற்கும் மேலாக.

ஒரு மோல் கரைசலுக்குக் கணக்கைப் போடலாம். 3064-ஐ 3169-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் −0.0337. அதை 0.018015 × 2 × 1, அதாவது 0.03603-ஆல் வகுத்தால் φ = 0.935. இரண்டு மோல் அயனிகள் இருந்தும் 1.87 மோல் அளவுக்குத்தான் அவை தண்ணீரைக் கட்டிப்போடுகின்றன. ஆக்டிவிட்டியில் கண்ணுக்கே படாமலிருந்த பிறழ்வு இங்கே ஆறரை சதவீதமாக நிற்கிறது.

இரண்டாவது கரைசல் கெட்டியானது. ஒரு கிலோ தண்ணீரில் ஆறு மோல் உப்பு, அதாவது 351 கிராம். தெவிட்டும் நிலைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. இங்கே அளந்த ஆவியழுத்தம் 2408 பாஸ்கல், ஆக்டிவிட்டி 0.7598. மடக்கை −0.2747. அதை 0.018015 × 2 × 6, அதாவது 0.2162-ஆல் வகுத்தால் φ = 1.27. கதை தலைகீழாகிவிட்டது. உள்ளே இருப்பது பன்னிரண்டு மோல் அயனிகள். அவை செய்வது பதினைந்தேகால் மோல் துகள்களின் வேலை.

ஒரே உப்பு, ஒரே வெப்பநிலை. நீர்த்த கரைசலில் குறைவாகவும் கெட்டியான கரைசலில் கூடுதலாகவும் எப்படி நடந்துகொள்கிறது?

நீர்த்த பக்கத்தை 1923-இல் பீட்டர் டெபையும் எரிக் ஹூக்கலும் விளக்கினார்கள். சோடியத்துக்கு நேர்மின்னூட்டம், குளோரைடுக்கு எதிர்மின்னூட்டம். ஒவ்வொரு அயனியைச் சுற்றியும் எதிர் வகை அயனிகள் சற்று அதிகமாகச் சூழ்ந்திருக்கும். இந்த ஈர்ப்பால் அவை ஒன்றையொன்று தொடாமல் சுதந்திரமாகத் திரியும் துகள்களாக நடந்துகொள்வதில்லை. சுதந்திரம் குறைவதால் φ 1-க்குக் கீழே இறங்குகிறது. 0.1 மோலில் 0.932 என்றிருக்கும் மதிப்பு, அரை மோல் அருகே 0.921 என்ற தாழ்வான இடத்தைத் தொடுகிறது.

அதற்குப் பிறகு வேறொரு சக்தி மேலோங்குகிறது. அயனிகள் தண்ணீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்கின்றன. நீர்த்த கரைசலில் தண்ணீர் ஏராளம் என்பதால் இது பெரிதாகத் தெரியாது. ஆறு மோல் கரைசலிலோ 55.5 மோல் தண்ணீரைப் பன்னிரண்டு மோல் அயனிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஐந்து மூலக்கூறு கூடக் கிடைப்பதில்லை. எந்த அயனியின் பிடியிலும் இல்லாத தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவும் மிஞ்சாத நிலை. அயனிகள் அடைத்துக்கொள்ளும் இடமும் சேர்ந்துகொள்ள, தண்ணீர் வெளியேறுவது எண்ணிக்கை சொல்வதைவிடக் கடினமாகிறது. இந்த இரண்டு சக்திகளும் சமமாகி φ மறுபடி 1-ஐக் கடப்பது இரண்டு மோலுக்கும் மூன்று மோலுக்கும் இடையில். அந்த ஒரு புள்ளியில் மட்டும் அளந்தவர் உப்புத் தண்ணீர் நல்லியல்புக் கரைசல் என்றே முடிவு கட்டியிருப்பார்.

கணக்கு சுலபம். அளப்பதுதான் கஷ்டம்.

நேரடியாக அளக்கும் முறையில் கரைசலை ஒரு குடுவையிலும் சுத்தமான தண்ணீரை இன்னொரு குடுவையிலும் வைத்து, இரண்டையும் ஒரே நீர்த்தொட்டியில் மூழ்கவிட்டு, நடுவே ஓர் அழுத்தமானியை இணைப்பார்கள். முதலில் கரைந்திருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். சிறிது காற்று மிஞ்சினாலும் அதன் அழுத்தம் ஆவியின் அழுத்தத்தோடு சேர்ந்து படிந்துவிடும். காற்றை உறிஞ்சும்போது கொஞ்சம் தண்ணீரும் ஆவியாகப் போய்க் கரைசல் கெட்டிப்படும். அதனால் தயாரித்தபோது இருந்த செறிவை நம்பாமல், அளந்து முடித்தபின் குடுவையில் இருக்கும் கரைசலைப் பகுத்து அதன் செறிவை எடுப்பதே வழக்கம். கரைசலைக் கலக்கிக்கொண்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவியாகும் மேற்பரப்பு மட்டும் குளிர்ந்து, உப்பும் அங்கே கூடி, அடியிலிருக்கும் கரைசலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. டொராண்டோவில் ஒலினிக்கும் கார்டனும் சோடியம் குளோரைடு கரைசல்களின் ஆவியழுத்தத்தை 20, 25, 30 டிகிரிகளில் நேரடியாக அளந்து 1943-இல் வெளியிட்டார்கள். அவர்கள் தொடங்கியது இரண்டு மோலிலிருந்துதான். ஏன் அதற்குக் கீழே போகவில்லை என்பதற்கு விடை வெப்பநிலையில் இருக்கிறது.

25 டிகிரி அருகே தண்ணீரின் ஆவியழுத்தம் ஒரு டிகிரிக்கு ஆறு சதவீதம் ஏறுகிறது. அப்படியானால் இரண்டு குடுவைகளுக்கும் இடையே வெப்பநிலை நூற்றில் ஒரு டிகிரி வேறுபட்டாலே ஏறக்குறைய இரண்டு பாஸ்கல் பிசகும். ஆறு மோல் கரைசலில் சரிவு 761 பாஸ்கல் என்பதால் இந்தப் பிசகு φ-யில் கால் சதவீதத்துக்கும் குறைவாகவே தெரியும். 0.1 மோல் கரைசலில் மொத்தச் சரிவே 10.6 பாஸ்கல்தான். அதே நூற்றில் ஒரு டிகிரி அங்கே φ-யை 18 சதவீதம் தள்ளிவிடும். ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் இரண்டு குடுவைகளின் வெப்பநிலையும் டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போக வேண்டும்.

இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குடுவைகளுக்கிடையே நிரந்தரமான சிறு வெப்பநிலை வேறுபாடு இருந்தால் அது எல்லாக் கரைசல்களின் மடக்கையையும் ஒரே அளவு நகர்த்தும். φ-யைக் கண்டுபிடிக்க அதைச் செறிவால் வகுக்கிறோம் என்பதால், செறிவு குறையக் குறைய பிழை பெருகும். வரைபடத்தில் கெட்டியான பக்கம் புள்ளிகள் ஒழுங்காக அமைந்திருக்கும். நீர்த்த பக்கம் போகப் போக வளைவு சட்டென்று மேலேயோ கீழேயோ பறக்கும். செறிவு பூஜ்யத்தை நெருங்கும்போது φ கட்டாயம் 1-ஐ நோக்கிப் போக வேண்டும். வேறெங்காவது போனால் கோளாறு உப்பில் இல்லை, நீர்த்தொட்டியில் இருக்கிறது. இதோடு ஒப்பிட்டால் நீராவியே நல்லியல்பு வாயு இல்லை என்ற திருத்தம் மிகச் சிறியது. ஆறு மோல் கரைசலில் கூட φ-யை ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் மாற்றும்.

அழுத்தமானியே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வந்தது இன்னொரு முறை. 1930களில் சின்க்ளேரும் நியூசிலாந்தில் பணியாற்றிய ஆர். ஏ. ராபின்சனும் அதைச் செம்மைப்படுத்தினார்கள். வெள்ளியாலான, அல்லது வெள்ளி முலாம் பூசிய சிறு கிண்ணங்களில் வெவ்வேறு கரைசல்களை ஊற்றி, கனமான ஒரு செம்புப் பாளத்தின் மேல் நெருக்கி வைத்து, காற்று நீக்கிய மூடிய கலத்துக்குள் விட்டு, மெதுவாக ஆட்டிக்கொண்டே நாள்கணக்கில் காத்திருப்பார்கள். எந்தக் கிண்ணத்தில் தண்ணீரின் ஆக்டிவிட்டி அதிகமோ அங்கிருந்து நீராவி கிளம்பி, குறைவான கிண்ணத்தில் போய்ச் சேரும். எல்லாக் கிண்ணங்களிலும் ஆவியழுத்தம் ஒன்றாகும் வரை இது நடக்கும். செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் கிண்ணங்களின் வெப்பநிலை வேறுபாடு மிக மிகக் குறைவு. கடைசியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கிண்ணங்களைத் தராசில் நிறுத்து, எதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்பது.

உதாரணமாக, ஒரு கிண்ணத்தில் பொட்டாசியம் குளோரைடு, இன்னொன்றில் சோடியம் குளோரைடு. சமநிலை வந்தபின் முதலாவது சரியாக 2 மோலாலிட்டியிலும் இரண்டாவது 1.87-இலும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஆக்டிவிட்டி இரண்டிலும் ஒன்றே. சோடியம் குளோரைடின் φ அந்தச் செறிவில் 0.976 என்பது முன்பே தெரியும். 1.87-ஐ 0.976-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் பொட்டாசியம் குளோரைடின் φ 0.91 என்று கிடைத்துவிடும். அழுத்தம் எத்தனை பாஸ்கல் என்று யாரும் கேட்கவே இல்லை.

ஒப்பிடும் உப்பின் மதிப்பு சரியாக இருந்தால்தான் இது செல்லும். அந்த அடித்தளத்தைத் தந்தவை ஆவியழுத்தத்தை நேரடியாக அளந்த முடிவுகளும், உறைநிலைச் சரிவு, மின்கலங்களின் மின்னழுத்தம் ஆகியவற்றிலிருந்து தனியாகப் பெற்ற முடிவுகளும். ராபின்சனும் ஆர். எச். ஸ்டோக்ஸும் 1955-இல் வெளியிட்ட ‘எலெக்ட்ரோலைட் சொல்யூஷன்ஸ்’ நூலின் பின்னிணைப்பு அட்டவணைகளில் இப்படிச் சேர்ந்த எண்கள் உப்பு வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. ஆயினும் இந்த முறையும் 0.1 மோலுக்குக் கீழே தடுமாறும். ஆக்டிவிட்டி வேறுபாடு மிகச் சிறிதாகிவிடுவதால் தண்ணீர் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதற்கே வெகுநாள் பிடிக்கும்.

இந்தக் குணகத்தின் தடயத்தை ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். நரம்பில் ஏற்றும் 0.9 சதவீத சலைன் புட்டியில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியமும் 154 மில்லிமோல் குளோரைடும் உண்டு. கூட்டினால் 308. புட்டிகளில் அச்சாவதும் இந்த 308 மில்லி ஆஸ்மோல்தான். ஆனால் அதே சலைனை ஆஸ்மோமீட்டரில் அளந்தால் கிலோவுக்கு சுமார் 286 என்றுதான் காட்டும். கருவியில் கோளாறு இல்லை. இந்தச் செறிவில் φ 0.93, 308-ஐ அதனால் பெருக்கினால் 286 வருகிறது. ரத்த பிளாஸ்மாவின் இயல்பான அளவு ஏறத்தாழ 275 முதல் 295 வரை. அச்சிட்ட 308-ஐ மட்டும் பார்த்தால் சலைன் ரத்தத்தைவிடச் செறிவானது போலத் தோன்றும். அயனிகளின் ஈர்ப்பைக் கணக்கில் சேர்த்தபின் இரண்டும் ஒத்துப்போகின்றன.

ஆஸ்மோமீட்டர்களில் ஒரு வகை ஆவியழுத்தத்தையே பயன்படுத்துகிறது. சில மைக்ரோலிட்டர் திரவத்தை ஒரு காகித வில்லையில் இட்டுச் சிறிய அறைக்குள் மூடிவிடுவார்கள். உள்ளே நிரம்பும் ஆவி எந்த வெப்பநிலையில் பனித்துளியாகப் படிகிறது என்பதை மெல்லிய வெப்பமின் இணை ஒன்று பார்க்கும். சலைனுக்கு அந்தப் பனிநிலை சுத்தமான தண்ணீரைவிட டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக இறங்கும். பழைய ஆய்வாளர்களைப் படுத்திய வெப்பநிலை உணர்வையே இந்தக் கருவி தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கிறது.

ஆனால் இதுவரை போட்ட எல்லாக் கணக்கிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆவியாவது கரைப்பான் மட்டுமே. உப்பு ஆவியாவதில்லை, சர்க்கரை ஆவியாவதில்லை, யூரியாவும் ஆவியாவதில்லை. சாராயம் ஆவியாகும். எத்தனாலோ மெத்தனாலோ கலந்த ரத்த மாதிரியை இந்தக் கருவியில் வைத்தால், தண்ணீரின் ஆவி குறைந்த இடத்தைச் சாராயத்தின் ஆவி வந்து நிரப்பிவிடும். பனிநிலை எதிர்பார்த்த அளவுக்கு இறங்காது. திரையில் இயல்பான எண்ணே வரும். மெத்தனால் விஷம் ஏறியிருக்கலாம் என்று சந்தேகிக்கும் மருத்துவர்கள், கணக்கிட்ட ஆஸ்மோலாலிட்டிக்கும் அளந்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் தேடுகிறார்கள். ஆவியழுத்தக் கருவியில் அந்த இடைவெளி தெரியாமலே போய்விடும். அதனால் இந்தச் சோதனைக்கு உறைநிலைச் சரிவை அளக்கும் ஆஸ்மோமீட்டரையே பயன்படுத்த வேண்டும். உறையும்போது பனிக்கட்டியாவது தண்ணீர் மட்டும்தான். மெத்தனால் திரவத்திலேயே தங்கி, உறைநிலையை இறக்கி, தான் இருப்பதைக் காட்டிவிடுகிறது.